ஜெனரேட்டர் வாங்கும் முன்: கேவிஏ கணக்கைக் கிலோவாட்டாக மாற்றுவது எப்படி?

40 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, 38 கேவிஏ சுமையில் திணறிக் கரும்புகை கக்குகிறது. அம்மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. பிரேக்கரும் விழவில்லை. விற்றவர் "செட்டில் குறை இல்லை" என்கிறார். அவர் சொல்வது சரிதான். குறை வாங்கும் முன் போட்ட கணக்கில் இருக்கிறது.

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஜெனரேட்டர் அளவு பார்க்கும் வேலையில் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கேவிஏவைக் கிலோவாட்டாக மாற்றும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அதில் எந்தப் பவர் ஃபேக்டரைப் போடுவது என்பதில்தான் தடுமாற்றம். பானஸ்வாடிப் பக்கம் உள்ளவற்றைப் போன்ற, 20 வீடுகள் கொண்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜெனரேட்டரில் ஓட வேண்டிய ஒவ்வொரு மோட்டாரின் பெயர்ப்பலகை விவரம் வேண்டும். பலகை துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போயிருந்தால், ஓடும்போது அளந்த அளவு வேண்டும். அளப்பதற்கு, கிலோவாட்டும் பவர் ஃபேக்டரும் காட்டும் பவர் கிளாம்ப் மீட்டர் தேவை. ஆம்பியர் மட்டும் காட்டும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்குப் பாதிதான் உதவும். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

பொது மீட்டரின் மின்கட்டண ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பவர் ஃபேக்டர் பதிவாகியிருந்தால், அது கப்பாசிட்டர் பேனல் திருத்திய பிறகு வந்த எண் என்பதை நினைவில் வையுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அந்தப் பேனல் வேலை செய்யக்கூடாது. ஆகவே ரசீதில் உள்ள 0.97ஐ அப்படியே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வேலைக்கு முன்பே குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்: வீட்டுக்கு எவ்வளவு பின்துணை மின்சாரம் தருவதாக ஒப்பந்தம்? "ஒரு கிலோவாட்" என்று விளம்பரத்தாளில் இருக்கும்; பேனலில் மாட்டிய கரண்ட் லிமிட்டரோ ஒரு கேவிஏவில் வெட்டும். இரண்டும் ஒன்றல்ல.

## 1. ஜெனரேட்டருக்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு

ஜெனரேட்டர் செட் என்பது இரண்டு இயந்திரங்கள். டீசல் என்ஜின் சுழற்றுகிறது. ஆல்டர்னேட்டர் அந்தச் சுழற்சியை மின்சாரமாக மாற்றுகிறது. இரண்டுக்கும் வரம்பு தனித்தனி.

என்ஜின் தரக்கூடியது கிலோவாட். உண்மையில் செய்யப்படும் வேலைக்கு டீசல் எரிகிறது. அந்த வேலையின் அளவே கிலோவாட். ஆல்டர்னேட்டரின் வரம்பு கேவிஏ. அதன் கம்பிச் சுருள் எவ்வளவு ஆம்பியரைச் சூடேறாமல் தாங்கும் என்பதே அந்த எண். அந்த ஆம்பியர் வேலை செய்கிறதா, வெறுமனே போய்த் திரும்புகிறதா என்பது சுருளுக்குப் பொருட்டல்ல.

இந்தியச் சந்தையில் விற்கும் மூன்று ஃபேஸ் செட்டுகளின் பலகையில் 0.8 பவர் ஃபேக்டர் என்று பொறித்திருக்கும். அதற்குப் பொருள், இந்த ஆல்டர்னேட்டரோடு அதன் கேவிஏவில் 80 விழுக்காடு கிலோவாட் தரும் என்ஜினைப் பொருத்தியிருக்கிறோம் என்பதுதான்.

```
kW = kVA × PF
kVA = kW ÷ PF

40 kVA × 0.8 = 32 kW
50 kVA × 0.8 = 40 kW
62.5 kVA × 0.8 = 50 kW
```

பெருக்குவதா வகுப்பதா என்று குழம்பினால் ஒரு சோதனை போதும்: கிலோவாட் எண் ஒருபோதும் கேவிஏ எண்ணை மிஞ்சாது. மிஞ்சியிருந்தால் திசை மாறிவிட்டது.

இனி முக்கியமான செய்தி. பலகையில் உள்ள 0.8 உங்கள் கட்டடத்தின் பவர் ஃபேக்டர் அல்ல. அது ஜெனரேட்டரின் திறனைச் சொல்ல மட்டுமே பயன்படும். சுமையை மாற்றும்போது சுமையின் சொந்தப் பவர் ஃபேக்டரைத்தான் போட வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை.

## 2. சுமைகளைப் பட்டியலிடுங்கள், அலகோடு

மாதிரிக் கட்டடத்தில் ஜெனரேட்டரில் ஓட வேண்டியவை ஐந்து: ஒரு லிஃப்ட், 7.5 குதிரைத்திறன் போர்வெல் மோட்டார், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் 5 குதிரைத்திறன் பம்ப், பொது விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும், 20 வீடுகள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணை எழுதும்போது அது குதிரைத்திறனா, கிலோவாட்டா, ஆம்பியரா, கேவிஏவா என்பதையும் எழுதுங்கள். அலகில்லாத எண்கள் பத்து நிமிடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். "மொத்தம் 39" என்று துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். 39 என்ன என்று கேட்டால் பதில் வருவதில்லை.

வீடுகளின் அனுமதிக்கப்பட்ட சுமையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மின்வாரிய இணைப்பில் வீட்டுக்கு 3 கிலோவாட் இருக்கலாம்; ஆனால் ஜெனரேட்டர் ஓடும்போது லிமிட்டர் விடும் அளவுதான் கணக்கு. அதைக் கவனிக்காமல் 60 கிலோவாட் என்று எழுதி, தேவைக்கு இருமடங்கு பெரிய செட்டை வாங்கிய கட்டடங்கள் இருக்கின்றன.

## 3. ஒவ்வொரு சுமையையும் கிலோவாட்டாக மாற்றுங்கள்

முதலில் கிலோவாட், பிறகுதான் கேவிஏ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கிலோவாட்டை நேராகக் கூட்டலாம்; கேவிஏவை அப்படிக் கூட்ட முடியாது.

மோட்டாரின் பலகையில் உள்ள குதிரைத்திறன், அதன் தண்டு வெளியே தரும் திறன். மோட்டார் உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். இடையில் உள்ளது வெப்பமாகப் போகும் இழப்பு. ஆகவே 0.746ஆல் பெருக்குவதோடு நிறுத்தாமல், மோட்டாரின் செயல்திறனால் வகுக்கவும் வேண்டும்.

```
போர்வெல்: 7.5 × 0.746 ÷ 0.75 = 7.5 kW
சம்ப் பம்ப்: 5 × 0.746 ÷ 0.80 = 4.7 kW
```

போர்வெல் மோட்டாருக்கு 0.75 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. குறுகிய குழாய்க்குள் நுழைவதற்காக ஒல்லியாகச் செய்யப்பட்ட நீர்மூழ்கி மோட்டார்களின் செயல்திறன், தரையில் நிற்கும் மோட்டார்களைவிடக் குறைவு. உங்கள் மோட்டாரின் பலகை வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் முழு ஆள் சுமையோடு மேலே ஏறும்போது எடுப்பதை அளந்தால் 6 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது அளந்துவிட்டு "இரண்டுதான் வருகிறது" என்று எழுதக்கூடாது. பொது விளக்குகளும் கேமராக்களும் சேர்ந்து 2.5 கிலோவாட்.

வீடுகளுக்கு வருவோம். லிமிட்டர் ஆம்பியரைப் பார்த்து வெட்டும் கருவி. 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியருக்கு வைத்திருந்தால் அது ஒரு கேவிஏ. 20 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு அளவை இழுப்பது அரிது, 0.7 என்ற ஒருங்கிசைவு விகிதத்தை எடுத்தால் 14 கேவிஏ. எல்இடி விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் கலந்த வீட்டுச் சுமையின் பவர் ஃபேக்டரை அளந்து 0.95 கிடைத்தது என்போம்.

```
14 kVA × 0.95 = 13.3 kW
```

இங்கே 0.8ஐப் போட்டிருந்தால் 11.2 கிலோவாட் வந்திருக்கும். கிட்டத்தட்ட இரண்டு கிலோவாட் சுமை காகிதத்திலிருந்து மறைந்திருக்கும். என்ஜின் அந்த இரண்டையும் சுமந்தே ஆக வேண்டும்.

## 4. வேலை செய்யாத பங்கைத் தனியாக எழுதுங்கள்

மோட்டாரின் சுருள் காந்தமாவதற்கு ஒரு பங்கு மின்னோட்டம் தேவை. அது ஒவ்வொரு சுற்றிலும் போய்த் திரும்பி வருகிறது. டீசலை நேரடியாக எரிப்பதில்லை, ஆனால் கம்பியைச் சூடாக்குகிறது. அதன் அளவு கேவிஏஆர். கிலோவாட்டும் கேவிஏஆரும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் என்றால், கேவிஏ அதன் கர்ணம்.

ஒவ்வொரு சுமைக்கும் கிலோவாட்டை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் கேவிஏஆர் கிடைக்கும். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் பெருக்கெண் 0.75, 0.85 என்றால் 0.62, 0.9 என்றால் 0.48, 0.95 என்றால் 0.33. இந்த நான்கும் கையிலிருந்தால் கட்டட வேலைக்குப் போதும்.

| சுமை | கிலோவாட் | பவர் ஃபேக்டர் | கேவிஏஆர் |
|---|---|---|---|
| லிஃப்ட் | 6.0 | 0.90 | 2.9 |
| போர்வெல் | 7.5 | 0.80 | 5.6 |
| சம்ப் பம்ப் | 4.7 | 0.80 | 3.5 |
| பொது விளக்கு, கேமரா | 2.5 | 0.90 | 1.2 |
| வீடுகள் | 13.3 | 0.95 | 4.4 |
| மொத்தம் | 34.0 | | 17.6 |

## 5. கூட்டி, கட்டடத்தின் சொந்தப் பவர் ஃபேக்டரைக் கண்டுபிடியுங்கள்

```
kVA = √(kW² + kVAr²)
    = √(34² + 17.6²)
    = 38.3

PF = 34 ÷ 38.3 = 0.89
```

வெவ்வேறு பவர் ஃபேக்டர் உள்ள சுமைகளின் கேவிஏக்களை நேராகக் கூட்டினால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். இந்தக் கட்டடத்தில் 38.7 வருகிறது, வித்தியாசம் பெரிதல்ல. பழைய மோட்டார்களும் ஹீட்டர்களும் கலந்த பட்டறைகளில் அந்த இடைவெளி விரியும்.

கட்டடத்தின் பவர் ஃபேக்டர் 0.89 என்பதை வட்டமிட்டு வையுங்கள். அடுத்த படியின் முடிவு அதைப் பொறுத்தது.

## 6. இரண்டு வரம்புகளோடும் ஒப்பிடுங்கள்

சங்கத்தின் பொருளாளர் இந்த இடத்தில் வழக்கமாகக் கேட்பது: "அண்ணா, எல்லாம் சேர்ந்தே 38தானே? 40 போதாதா?"

கேவிஏவைப் பார்த்தால் போதும். 38.3 என்பது 40க்குள் அடங்குகிறது. ஆனால் 40 கேவிஏ செட்டின் என்ஜின் 32 கிலோவாட்தான் தரும். கட்டடம் கேட்பது 34. ஆல்டர்னேட்டரில் இடம் இருக்கிறது, என்ஜினில் இல்லை.

தாய்ப்பிழை செய்தவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் 38.3ஐ ஜெனரேட்டர் பலகையில் உள்ள 0.8ஆல் பெருக்குவார். 30.6 கிலோவாட் வரும். 32க்குள் அடங்கிவிட்டது என்று கையெழுத்துப் போடுவார். கணக்கு ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். பெருக்கிய எண் மட்டும்தான் தவறு.

பிறகு பேனலில் என்ன தெரியும்? 40 கேவிஏ செட்டின் முழு மின்னோட்டம் 415 வோல்ட்டில் 55.6 ஆம்பியர். 38.3 கேவிஏ சுமையில் ஓடுவது 53.3 ஆம்பியர். 63 ஆம்பியர் பிரேக்கர் பேசாமல் இருக்கும். என்ஜினோ தன் அளவில் 106 விழுக்காடு சுமக்கிறது. பிரேக்கர் ஆம்பியரைத்தான் பார்க்கும். அது காப்பது கேபிளையும் ஆல்டர்னேட்டரையும். என்ஜினின் பாரம் அதற்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பத்து விழுக்காடு கூடுதல் சுமையை, அன்றாடம் நெடுநேரம் ஓட்டுவதற்கான பிரைம் ரேட்டிங் செட்டுகள் தாங்கும் என்பது உண்மைதான். அது அவசரத்துக்கு வைத்த இடம். அதில் அன்றாடச் சுமையை ஏற்றக்கூடாது.

சுமையின் பவர் ஃபேக்டர் 0.8க்கு மேல் இருந்தால் முதலில் என்ஜின் நிறையும். 0.8க்குக் கீழே இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டர் நிறையும். மோட்டார்களும் பழைய சோக் டியூப்லைட்டுகளும் நிறைந்திருந்த நாளில் கேவிஏவைப் பார்ப்பது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. எல்இடியும் இன்வெர்ட்டர் ஏசியும் வந்த பிறகு குடியிருப்புகளின் பவர் ஃபேக்டர் 0.9ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே இப்போது கிலோவாட்தான் முதலில் பார்க்க வேண்டிய எண்.

50 கேவிஏ செட்டில் இந்த 34ஐ அப்படியே ஏற்றினால் 85 விழுக்காடு; உச்சத்தில் 80ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. ஆகவே நம் கட்டடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. 62.5 கேவிஏ வாங்கினால் 50 கிலோவாட்டில் 34, அதாவது 68 விழுக்காடு. இன்னொன்று, ஜெனரேட்டர் ஓடும்போது போர்வெல்லும் சம்ப் பம்பும் ஒன்றாக ஓடாதபடி பேனலில் இன்டர்லாக் போடுவது. அப்போது சுமை 29.3 கிலோவாட்டாகக் குறையும். 50 கேவிஏ செட்டின் 40 கிலோவாட்டில் அது 73 விழுக்காடு. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஒரு காண்டாக்டரும் சில மீட்டர் கம்பியும் செய்கிற வேலைக்குப் பெரிய என்ஜின் வாங்குவானேன்? இதே இன்டர்லாக்கோடு 40 கேவிஏவையே வைத்துக்கொள்ளலாம் என்றால் 92 விழுக்காடு ஆகிறது. நாளை ஒரு மின்வாகனச் சார்ஜர் வந்தால் அதற்கு இடம் இல்லை.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்று அடர்த்தி குறையும். என்ஜினின் கிலோவாட்டும் குறையும். ஆல்டர்னேட்டர்கள் பொதுவாக 1000 மீட்டர் வரை முழு அளவுக்கு மதிப்பிடப்படுகின்றன. என்ஜினுக்கு அப்படி ஒரே விதி இல்லை. டர்போ இல்லாத சிறிய என்ஜின்களில் குறைப்பு முன்னதாகவே தொடங்கக்கூடும். டேட்டா ஷீட்டில் உயரத்துக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

## 7. மோட்டார் கிளம்பும் நொடியைத் தனியாகச் சரிபாருங்கள்

இதுவரை போட்டது ஓடும் சுமை. மோட்டாரை நேரடியாக இணைத்துக் கிளப்பும்போது அது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இழுக்கும். அந்த நொடியில் அதன் பவர் ஃபேக்டர் 0.3, 0.4 என்று அடிமட்டத்தில் இருக்கும்.

நம் போர்வெல் மோட்டார் ஓடும்போது 13 ஆம்பியர், 9.4 கேவிஏ. கிளம்பும்போது 56 கேவிஏ. ஆனால் 0.35ஆல் பெருக்கினால் சுமார் 20 கிலோவாட்தான். பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன: ஓடும் சுமையில் திணறுவது என்ஜின், கிளம்பும் நொடியில் திணறுவது ஆல்டர்னேட்டர். அதனால்தான் இரண்டு சரிபார்ப்புகளையும் ஒரே வரியில் முடிக்க முடியாது.

ஆல்டர்னேட்டர் சில நொடிகள் தன் அளவை மீறித் தாங்கும். ஆனால் வோல்ட்டேஜ் சரியும். சரிவு அதிகமானால் காண்டாக்டர்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும், லிஃப்ட் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். எவ்வளவு சரியும் என்பதை ஆல்டர்னேட்டர் தயாரிப்பாளரின் வரைபடம் சொல்லும். விற்பவரிடம் "56 கேவிஏ கிளம்பும் சுமைக்கு வோல்ட்டேஜ் சரிவு எத்தனை விழுக்காடு?" என்று எண்ணோடு கேளுங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகும்: 56க்குப் பதில் 19 கேவிஏ. ஆனால் அதற்கு மோட்டாரின் ஆறு முனைகளும் மேலே வந்திருக்க வேண்டும். போர்வெல் வாயில் பாருங்கள். மூன்று கோர் கேபிள் இரண்டு இறங்கினால் ஸ்டார்-டெல்டாவுக்கு வழி உண்டு. ஒன்றே ஒன்று இறங்கினால் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ விஎஃப்டியோதான். மோட்டாரை வெளியே எடுக்காமல் இதை அறிந்துகொள்ளும் எளிய வழி இது.

மின்சாரம் போனதும் லிஃப்ட், பம்ப், வீடுகள் எல்லாம் ஒரே நொடியில் ஜெனரேட்டர் மேல் விழாதபடி, பம்புகளுக்கு அரை நிமிட டைமர் வைப்பதும் பலன் தரும்.

## 8. மூன்று ஃபேஸ்களிலும் பங்கிடுங்கள்

50 கேவிஏ என்பது மூன்று ஃபேஸ்களுக்கும் சேர்த்த எண். ஒரு ஃபேஸுக்கு 16.7 கேவிஏதான். லிஃப்ட்டும் போர்வெல்லும் ஒவ்வொரு ஃபேஸிலும் 5.4 எடுத்துக்கொண்டால் மிச்சம் 11.3.

பத்து வீடுகளையும் பொது விளக்குகளையும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தால்? வீடுகள் குறையும்போது 0.7 என்ற விகிதத்தை நம்ப முடியாது. பத்தும் ஒன்றாக முழு அளவை இழுக்கக்கூடும். 10 கேவிஏவோடு விளக்குகளின் 2.8 சேர்ந்தால் 12.8. மொத்தக் கணக்கில் இடம் இருந்தும் அந்த ஒரு ஃபேஸ் மிஞ்சிவிடுகிறது. 7, 7, 6 என்று வீடுகளைப் பிரித்து, ஆறு வீடுகள் உள்ள ஃபேஸில் விளக்குகளை மாட்டுங்கள். கட்டியவர் அப்படித்தான் மாட்டியிருப்பார் என்று நம்பாமல் பேனலைத் திறந்து பாருங்கள்.

## 9. கப்பாசிட்டர் பேனலை ஜெனரேட்டரிலிருந்து விலக்குங்கள்

"பவர் ஃபேக்டரை 0.98 ஆக்கிவிட்டால் 40 கேவிஏவிலிருந்து 39 கிலோவாட் எடுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். என்ஜின் 32தான் தரும். கப்பாசிட்டர் ஆம்பியரைக் குறைக்கும். டீசல் என்ஜினைப் பெரிதாக்காது.

அதோடு ஆபத்தும் உண்டு. இரவில் மோட்டார்கள் நின்ற பிறகும் கப்பாசிட்டர்கள் இணைப்பில் இருந்தால் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாய்ந்து லீடிங் ஆகும். அப்போது ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏவிஆர் கையை மீறி வோல்ட்டேஜ் ஏறும். 415 காட்ட வேண்டிய மீட்டர் 440ஐத் தாண்டுகிறது, பவர் ஃபேக்டருக்கு முன்னால் கழித்தல் குறியோ லீட் குறியோ தெரிகிறது என்றால் காரணம் இதுதான். சேஞ்ச்ஓவரின் துணைக் காண்டாக்ட் ஒன்றை எடுத்து, ஜெனரேட்டர் பக்கம் மாறியதும் பேனல் தானாக அணையும்படி செய்யுங்கள்.

## 10. பெரிதாக வாங்குவதும் பிழைதான்

"எதற்கும் இருக்கட்டும்" என்று 100 கேவிஏ வாங்கினால், நம் 34 கிலோவாட் சுமைகூட அதன் 80 கிலோவாட்டில் 43 விழுக்காடுதான். நள்ளிரவில் மின்விசிறியும் மாடிப்படி விளக்கும் மட்டும் ஓடும்போது அது பத்து விழுக்காட்டுக்கும் கீழே போகும்.

30 விழுக்காட்டுக்குக் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் என்ஜின் போதிய சூடு பெறாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து, புகைக்குழாய் இணைப்புகளில் கருப்பு எண்ணெய்ப் பிசுக்காக வடியும். இந்தக் கசிவைப் பார்த்து ஆயில் சீல் போய்விட்டது என்று என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

எந்த அளவு வாங்கினாலும் இரவுச் சுமை குறைவாகத்தான் இருக்கும். ஆகவே மேல்தொட்டியை நிரப்பும் வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். என்ஜினுக்கும் வேலை கிடைக்கும், காலையில் உச்சச் சுமையும் குறையும். பகல் உச்சத்தில் 70 முதல் 80 விழுக்காடு வருகிற செட்டே தேர்வு.

## 11. விலைப்புள்ளி கேட்கும்போது

"50 கேவிஏ செட் என்ன விலை?" என்று கேட்டால் விலை மட்டும் வரும். நம் கட்டடத்துக்கு இப்படி எழுதுங்கள்: ஓடும் சுமை 29.3 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.9, மிகப் பெரிய மோட்டார் 7.5 குதிரைத்திறன், ஸ்டார்-டெல்டா. 415 வோல்ட், மூன்று ஃபேஸ். பெங்களூர் உயரத்தில் பிரைம் ரேட்டிங் 40 கிலோவாட்.

கடைசி வரியில் கிலோவாட் இருப்பது முக்கியம். அவசரத்துக்கு மட்டுமான ஸ்டாண்ட்பை ரேட்டிங்கைப் பிரைம் போலக் காட்டி ஒருவர் விலையைக் குறைத்தால், அந்த வரியைக் காட்டித்தான் கேள்வி கேட்க முடியும்.

## 12. பணம் முழுவதும் கொடுக்கும் முன் சுமைச் சோதனை

செட் வந்து இறங்கி இணைத்த பிறகு, மாலை ஏழு மணி வாக்கில் மின்வாரிய இணைப்பை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். லிஃப்ட்டில் ஆள் ஏற்றி மேலே அனுப்புங்கள், போர்வெல்லை ஓடவிடுங்கள். கண்ட்ரோலர் திரையில் கிலோவாட், ஆம்பியர், வோல்ட்டேஜ், ஃப்ரீக்வென்சி நான்கையும் ஒரே நேரத்தில் எழுதுங்கள்.

என்ஜின் திணறினால் ஃப்ரீக்வென்சி 50க்குக் கீழே இறங்கி மீளாது, புகை கறுக்கும், ஆம்பியர் வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆல்டர்னேட்டர் திணறினால் ஃப்ரீக்வென்சி நிலையாக இருக்கும். ஆம்பியர் வரம்பைத் தாண்டும், வோல்ட்டேஜ் சரியும். முதலாவதற்குக் கிலோவாட்டைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு, ஸ்டார்ட்டரையும் ஃபேஸ் பங்கீட்டையும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பழைய வகைச் செட்டுகளில் சுமையில்லாதபோது 52 காட்டி, முழுச்சுமையில் 50க்கு வருவது இயல்பு. அதைக் குறையாக எழுத வேண்டாம். எலெக்ட்ரானிக் கவர்னரில் அந்தச் சலுகை கிடையாது. சுமை ஏறியபோது கணம் தடுமாறினாலும் உடனே 50க்குத் திரும்பி நிற்க வேண்டும். திரும்பாவிட்டால், சோதனைத் தாளில் கிலோவாட் எண்ணோடு அதை எழுதி, விற்றவரின் ஆளிடம் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.